ஷோசி பிரித்துக் காட்டிய பாட்டு

மஃபிகா ஷோசி எங்கள் நீதிமன்றத்தில் இருபத்து மூன்று வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். டர்பனுக்கு மேற்கே, ஆலைகளும் குடியிருப்புகளும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கும் ஊர் எங்களுடையது. நான் அங்கே சாட்சியங்களைத் தட்டச்சு செய்யும் எழுத்தர், தமிழ்ப் பெண். மற்றவர்களுக்கு மிஸ் மூட்லி. ஷோசிக்கு வெறும் மூட்லி.

வேலைக்கு வருமுன் அவர் நாலு வருடம் பள்ளிக்கூடத்தில் ஜூலு மொழி சொல்லிக் கொடுத்தவர். பாட்டு என்றால் உயிர். கல்யாணத்திலோ சாவு வீட்டிலோ யாராவது எழுந்து புகழ்ப்பாட்டுச் சொல்ல ஆரம்பித்தால், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இவர் விரல் விட்டு எண்ணுவார். எந்தச் சொல் எத்தனை முறை திரும்பி வந்தது, எந்த இடத்தில் வராமல் நின்றது என்று. மறுநாள் தேநீர் நேரத்தில் நாலு கரண்டி சர்க்கரையைக் கலக்கியபடி என்னிடம் அதைப் பிரித்துச் சொல்வார். எனக்குப் பாதி புரியும்.

"திரும்பச் சொல்றான்னு நினைக்காத, மூட்லி. அதே சொல்லுதான். ஆனா கேக்கறவன் அதே ஆளு இல்ல. நடுவுல அவனுக்கு என்னமோ ஆயிருக்கு."

இப்படிப் பேசுகிற மனிதர் அந்த அறையில் திருட்டு, அடிதடி, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது என்று காலை முதல் மாலை வரை அடுத்தவர் வார்த்தைகளை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். சலித்துக்கொண்டதில்லை. சுத்தமாக மொழிபெயர்ப்பார். சாட்சி திக்கினால் இவரும் திக்குவார்.

எண்பத்தாறாம் வருடம் ஸிபுயிலே மக்காத்தினியின் வழக்கு வந்தது. அவளுக்கு இருபத்தொன்பது வயது. கம்பளி ஆலையில் தையல்காரி. அந்த ஆலையில் ஒரு சனிக்கிழமை பகலில் சரக்கறையில் தீப்பிடித்தது. துணி திருடு போகிறது என்று வெளியிலிருந்து பூட்டி வைத்திருந்த அறை. உள்ளே இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி பெயர் கேத்திவே. ஸிபுயிலேயின் பக்கத்துத் தையல் பொறியில் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தவள். சாவி வருவதற்குள் இரண்டு பேரும் புகையில் செத்துப்போனார்கள்.

அடக்கம் நடந்த அன்று கால்பந்து மைதானத்தில் நாலாயிரம் பேர். ஸிபுயிலே சங்கக் கூட்டங்களில் பாட்டுச் சொல்கிறவள். அன்றும் சவப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று சொன்னாள். சொல்லி முடித்த சற்று நேரத்தில் ஒரு கூட்டம் ஆலைக்குப் போய் வாசற்கதவைப் பெயர்த்தது. சரக்குக் கொட்டகை எரிந்தது. காவலாளி ஒருவர் மேல் கல் விழுந்து ஒரு கண் போயிற்று. அவரும் ஜூலுதான், மூன்று பிள்ளைகள். அவரை நீதிமன்றத்தில் பார்த்தேன். கட்டுப்போட்ட முகத்தோடு யார் மீதும் கோபப்படத் தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார்.

ஸிபுயிலே அன்று ஆலைப் பக்கமே போகவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். பாட்டால் கூட்டத்தை வன்முறைக்குத் தூண்டினாள் என்பதுதான் குற்றச்சாட்டு. மைதானத்துக்கு வெளியே வண்டியில் இருந்த போலீஸ்காரர்கள் ஒலிநாடாவில் பதிவு செய்திருந்தார்கள். அந்த நாடாதான் சாட்சியம். அதை எழுதி மொழிபெயர்க்கும் வேலை ஷோசிக்கு வந்தது.

மூன்று நாள் என் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். சுவர் வழியாக அந்தப் பெண்ணின் குரலும் கூட்டத்தின் குரலும் எனக்கும் கேட்டுக்கொண்டே இருந்தன. நாலாம் நாள் காகிதங்களோடு வந்து என் மேசை முன் உட்கார்ந்தார்.

"இவ யாருகிட்ட கத்துக்கிட்டா, மூட்லி? பள்ளிக்கூடம் ஆறாவதோட சரி. நான் இதுமாதிரி ஒண்ணு கேட்டு வருஷக்கணக்காச்சு."

"நல்லாருக்கா?"

"நல்லாருக்குன்னு சொன்னாப் போதாது. கட்டியிருக்கா. வீடு கட்டற மாதிரி."

பாட்டு மூன்று பகுதி. முதல் பகுதி கேள்வியோடு தொடங்குகிறது:

கதவை யார் பூட்டினார்?
கதவைப் பூட்டியவர் சாவியைப் பையில் போட்டார்.
பையில் சாவி போட்டவர் சாப்பிடப் போனார்.
சாப்பிடப் போனவர் கை கழுவினார்.
கதவை யார் பூட்டினார்?

ஒரு வரியின் முடிவை அடுத்த வரி தலையில் தூக்கிக்கொண்டு கிளம்புகிறது. நம் அந்தாதி போலத்தான். ஜூலுப் புகழ்ப்பாட்டுக்காரர்களுக்கும் அது பரம்பரை வழக்கம். "இதுல தப்பிச்சு ஓட வழியே இல்ல பாரு" என்றார் ஷோசி. "ஒரு வரிய ஒத்துக்கிட்டா அடுத்த வரியையும் ஒத்துக்கணும். சாவி, பை, சாப்பாடு, கை. பேரே சொல்லல. ஆனா கடைசியில ஒருத்தன் கை கழுவிட்டு நிக்கறான். மறுபடி அதே கேள்வி. மொதல்ல கேக்கும்போது அது தெரியாம கேட்ட கேள்வி. இப்ப அது குற்றம் சாட்டற விரல்."

இரண்டாம் பகுதியில் 'அவர்' போய் 'நீங்கள்' வந்துவிடுகிறது. கேத்திவே கதவைத் தட்டினாள், நீங்கள் கேட்டீர்கள். கேத்திவே தட்டினாள், நீங்கள் தைத்தீர்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு குலப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்தக் குலத்தார் மைதானத்தில் எங்கே நின்றாலும் தங்கள் பெயரைக் கேட்டு நிமிர்ந்தே ஆகவேண்டும். தட்டுகிற ஒலிக்கு நாக்கைச் சொடுக்கி ஒரு சொல் ஜூலுவில் உண்டு. அதையே தாளமாக வைத்துக்கொள்கிறாள். முடிவில் இப்படி:

தட்டினாள். தட்டினாள். தட்டினாள்.

பிறகு நாடாவில் ஒன்றுமே இல்லை. காற்று மட்டும். அப்புறம் தாழ்ந்த குரலில்,

தட்டவில்லை.
கதவை யார் பூட்டினார்?

"மூணு தடவ கேட்டா, மனசு நாலாவதுக்குக் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கும். வராது. அந்த இடத்துல சாவு உள்ள வருது. அவ 'செத்தா'ன்னு ஒரு வார்த்தை சொல்லல." ஷோசி விரலைக் காகிதத்தில் வைத்துக்கொண்டே இருந்தார். "இப்ப அதே கேள்வி மூணாவது தடவை. இப்ப அது ஆலைக்காரனக் கேக்கல. உங்க காதுல விழுந்துச்சே, நீங்க தச்சீங்களேன்னு கூட்டத்தக் கேக்குது. நாலாயிரம் பேருக்கும் வெக்கம்."

மூன்றாம் பகுதியில் 'நாம்'. அவள் கேட்கிறாள், கூட்டம் பதில் சொல்கிறது. கதவு எதால் ஆனது? மரத்தால். மரம் எதற்கு அடங்கும்? கைக்கு. கை யாருடையது? எங்களுடையது. கதவை யார் திறப்பார்? நாம். கதவை யார் திறப்பார்? நாம். அது ஐந்து முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் குரல் உயர்கிறது. ஐந்தாவதுக்குப் பிறகு நாடாவில் ஒரு சொடுக்கு. நாடாவின் அடுத்த பக்கத்தில் மைதானம் முழுக்கப் பாட்டும் ஓட்டமுமாக இருக்கிறது.

தமிழில் 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. ஜூலுவில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். யார் உள்ளே, யார் வெளியே என்பது சொல்லில் இல்லை. சொன்னவன் வாயில் இருக்கிறது. தானே வாய் திறந்து சொன்னவன் உள்ளே வந்துவிட்டான்.

இதெல்லாம் ஷோசி என்னிடம் சொன்னது. அப்போது அவர் முகம் மலர்ந்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

வழக்கு தொடங்கியது. அரசு வழக்கறிஞர் கிரெய்லிங் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியரைக் கூட்டிவந்தார். ஆப்பிரிக்கர்களைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். இந்த மக்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் தாளம் முரசுபோல வேலை செய்கிறது, பகுத்தறிவு தூங்கிவிடுகிறது, வார்த்தைக்குப் பொருளே முக்கியமில்லை என்று அரைமணி நேரம் சொன்னார். ஷோசி அதை ஒரு வார்த்தை விடாமல் ஜூலுவில் ஸிபுயிலேக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ரஹீமா காஜி, டர்பன் பெண். கெட்டிக்காரி. அவள் வாதம் வேறு: இது இழவுப் பாட்டு, திரும்பச் சொல்வது வெறும் சம்பிரதாயம், ஒப்பாரியில் ஒரே வரி நூறு முறை வரும், அதில் கருத்தே கிடையாது. இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து ஒன்றையே சொன்னார்கள். பாட்டில் அறிவு இல்லை.

நீதிபதி கையிலிருந்த மொழிபெயர்ப்பைப் புரட்டினார். "இதுல ஒரே கேள்வி இத்தனை தடவ வருதே. மிஸ்டர் ஷோசி, நீங்க ஒரு தடவ எழுதிட்டு 'மறுபடியும்'னு போட்டிருக்கலாமே?"

"அது தப்பான மொழிபெயர்ப்பா ஆயிடும், ஐயா."

"ஏன்?"

 ஷோசி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பிற்பாடு பல தடவை என்னிடம் அதைத்தான் சொன்னார். "ஒவ்வொரு தடவையும் அதுக்கு அர்த்தம் வேற, ஐயா" என்றார்.

நீதிபதிக்கு ஆர்வம் வந்துவிட்டது. கெட்ட மனிதர் அல்ல. விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசை உள்ளவர். ஷோசியைச் சாட்சியாகச் சத்தியம் செய்யச் சொன்னார். காஜி எழுந்து ஆட்சேபித்தாள், மொழிபெயர்ப்பாளர் சாட்சியாகக் கூடாது என்று. ஆட்சேபம் பதிவானது, அவ்வளவுதான். ஸிபுயிலேக்கு மொழிபெயர்க்கப் பக்கத்து நீதிமன்றத்திலிருந்து வேறொருவரை வரவழைத்தார்கள்.

மறுநாள் ஷோசி கூண்டில் ஏறினார். கிரெய்லிங் முன்தினம் இரவெல்லாம் யோசித்திருக்க வேண்டும். தன் பேராசிரியரை ஓரம் கட்டிவிட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"மிஸ்டர் ஷோசி, இந்தப் பாட்டு ஜனங்கள மயக்குதா?"

"இல்ல. மயங்கினவன் பதில் சொல்ல மாட்டான். இதுல ஜனங்க ஒவ்வொரு கேள்விக்கும் சரியான பதில் சொல்றாங்க."

"அப்போ இது என்ன செய்யுது?"

"வாதம் பண்ணுது. படி படியா."

காஜி தலையில் கை வைத்ததை நான் பார்த்தேன். ஷோசி பார்க்கவில்லை. அவர் மூன்று பகுதியையும் பிரித்துக் காட்டினார். என் மேசை முன் சொன்னதைவிடத் தெளிவாக. முதலில் தூரத்தில் நிற்கும் ஒருவரைப் பற்றிய பேச்சு. கேட்கிறவருக்குக் கோபம், ஆனால் சங்கடம் இல்லை. பிறகு 'நீங்கள்'; கோபம் திரும்பித் தன் மேலேயே விழுகிறது, வெட்கமாகிறது. வெட்கம் வெகுநேரம் தாங்காது. அந்த நேரம் பார்த்து 'கை யாருடையது' என்ற கேள்வி வருகிறது. வெட்கத்துக்கு ஒரு வாசல்.

"விடைய ஏன் அவளே சொல்லல?" என்று கேட்டார் கிரெய்லிங்.

"அவ சொன்னா அது அவ கருத்து. நாம வாய் திறந்து சொன்னா அது நம்ம கருத்து. நாம சொன்னத நாமே மறுக்க முடியாது."

"அப்போ அவ வேணும்னே அந்த விடைய ஜனங்க வாயில வச்சா."

"கேள்விய அப்படி அமைச்சிருக்கா. வேற விடை வராத மாதிரி."

"வேணும்னேயா?"

ஷோசி அப்போதுதான் நின்றார் என்று நினைக்கிறேன். எதிரே ஸிபுயிலே கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு வரியாகப் பிரித்தபோது அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து வந்து போயிற்று. தன் பாட்டை ஒருவர் முழுசாகக் கேட்டிருக்கிறார் என்கிற சந்தோஷம். அதுவும் அவருக்குத் தெரிந்தது.

"இது தற்செயலா வர்ற அமைப்பு இல்ல" என்றார்.

"அப்போ வேணும்னே."

"ஆமா."

நான் அந்த 'ஆமா'வைத் தட்டச்சு செய்தேன்.

உடனே ஷோசி தொடர்ந்தார். கிரெய்லிங்கும் போதும் என்று நிறுத்தவில்லை. "ஆனா இது முழுப் பாட்டு இல்ல, ஐயா. ஒவ்வொரு பகுதியும் 'கதவை யார் பூட்டினார்'ங்கற கேள்வியோடதான் மூடுது. மூணாவது பகுதி அப்படி மூடல. ஐந்தாவது 'நாம்'ல அந்தரத்துல நிக்குது. இவ்வளவு கணக்கா கட்டினவ கூரை போடாம விடமாட்டா. நாடாவுல அந்த இடத்துல ஒரு சொடுக்கு கேக்குது. நாடாவத் திருப்பிப் போட்டிருக்காங்க. அந்த நேரத்துல நாலாவது பகுதி போயிருக்கு."

அறையில் கொஞ்சம் சலசலப்பு. வண்டியில் இருந்த போலீஸ்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆமாம், திருப்பிப் போட்டேன், சிக்கிக்கொண்டது, இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ ஆயிருக்கும் என்றார். அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்தாளா? பேசினாள். என்ன பேசினாள்? எனக்கு ஜூலு அவ்வளவாக வராது.

காஜிக்கு உயிர் வந்தது. தேநீர் இடைவேளையில் ஷோசியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "பாபா, நீங்க என்னைக் கொன்னுட்டீங்கன்னு நெனச்சேன். இப்ப பொழைக்க வச்சிட்டீங்க." அவள் தன் பழைய வாதத்தை விட்டுவிட்டு ஸிபுயிலேயைக் கூண்டில் ஏற்றினாள்.

அவள் நாலாம் பகுதியைச் சொன்னாள். சத்தமாக அல்ல. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி.

எந்தக் கதவு, என் மக்களே?
மரக்கதவு எரிந்து முடிந்தது.
எரிந்து முடிந்ததைத் திறக்க வேண்டாம்.
திறக்க வேண்டியது உங்கள் வாய்.
செவ்வாய்க்கிழமை விசாரணை அதிகாரி கேட்பார்.
கேட்கும்போது உங்கள் வாய் பூட்டியிருந்தால்,
கதவை யார் பூட்டினார்?

மாற்று மொழிபெயர்ப்பாளர் அதைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். தீ விபத்து பற்றிய விசாரணை அடக்கத்துக்கு நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, நடக்க இருந்தது உண்மை. கலவரம் என்று தள்ளிப்போட்டார்கள். ஷோசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தொடையில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. அந்தாதி இருந்தது. 'அவர்', 'நீங்கள்', 'நாம்' என்று போய், கடைசியில் மறுபடி 'நீங்கள்' என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிறுத்தியது. கேள்வியும் திரும்பி வந்து மூடிவிட்டது.

கிரெய்லிங் அவளை அதிக நேரம் கேட்கவில்லை.

"இத எப்ப இயற்றினீங்க?"

"அடக்கத்துக்கு முந்தின நாள். மொத்தமும்."

"எழுதி வச்சீங்களா?"

"நான் எழுத மாட்டேன். தையல் போடும்போது சொல்லிப் பாத்துக்குவேன்."

"சிறையில ஆறு மாசம் இருந்தீங்க இல்ல?"

"இருந்தேன்."

"அங்க சொல்லிப் பாத்துக்கிட்டீங்களா?"

"பாத்துக்கிட்டேன். பழசெல்லாம் மறக்காம இருக்கணுமே."

அவர் உட்கார்ந்துவிட்டார். மைதானத்தில் இருந்த இரண்டு பேர் வந்து நாலாம் பகுதியைக் கேட்டதாகச் சாட்சி சொன்னார்கள். ஒருவர் சங்கத்துக்காரர். இன்னொருவர் அவள் அத்தை. இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. பாட்டை ஒருமுறை கேட்டவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

பிறகு நீதிபதி தாமே ஷோசியை மறுபடி கூண்டில் ஏறச் சொன்னார். "நீங்க சொன்னபடி நாலாவது பகுதி இருந்ததாவே வச்சுக்குவோம். கூட்டத்துல பின்னாடி நின்னவன் மூணாவது பகுதி முடிஞ்ச உடனே கிளம்பிட்டான். நாலாவதக் கேக்கல. அவன் எங்க போவான்?"

ஷோசி ஸிபுயிலேயைப் பார்த்தார்.

"சத்தியம் பண்ணியிருக்கீங்க, மிஸ்டர் ஷோசி."

"கதவத் திறக்கப் போவான், ஐயா."

"எந்தக் கதவு?"

"அவன் கேட்ட வரைக்கும், ஒரு கதவுதான்."

தீர்ப்பு இரண்டு வாரம் கழித்து. அதை நான்தான் தட்டச்சு செய்தேன் என்பதால் நினைவிருக்கிறது. அரசுத் தரப்புப் பேராசிரியரின் கருத்தை நீதிபதி தள்ளிவிட்டார். மக்களை இழிவுபடுத்துவது என்றே எழுதினார். மொழிபெயர்ப்பாளர் ஷோசியின் விளக்கத்தை நேர்மையானது, ஆழமானது என்று பாராட்டி ஏற்றுக்கொண்டார். அந்த விளக்கத்தின்படி இது உணர்ச்சியில் கொட்டிய புலம்பல் அல்ல. ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று அறிந்து செய்தது. அறிந்து செய்தவர் விளைவையும் அறிந்திருப்பார். நாலாம் பகுதியைப் பற்றி ஒரே பத்தி: இவ்வளவு கைதேர்ந்த ஒருவரால், பாட்டின் அமைப்புக்குப் பிசிறில்லாமல் பொருந்தும் ஒரு முடிவைச் சிறையில் இருந்தே இயற்றிவிட முடியும், ஆகவே பொருந்துகிறது என்பது அது அன்று சொல்லப்பட்டதற்குச் சான்று ஆகாது.

அன்று மாற்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. வேறு வழியில்லை, ஷோசியே நின்றார். மொழிபெயர்ப்பாளர் 'நீதிபதி சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. நீதிபதி 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் விதி. ஸிபுயிலேக்கு எதிரே, ஒரு கை நீள தூரத்தில் நின்று, அவர் ஜூலுவில் சொன்னார்: நான் உன்னைக் குற்றவாளி என்று காண்கிறேன். நான் உனக்கு மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கிறேன்.

குரல் நடுங்கவில்லை. நீதிபதியின் குரல் நடுங்கவில்லை, அதனால்.

வெளியே பேருந்து நிற்கும் இடத்தில் அவள் அத்தை இவரை மறித்தாள். கம்பளியைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டாள்.

"உங்களுக்குப் பாட்டு இவ்வளவு நல்லாப் புரியுமா, பாபா?"

"புரியும், மா."

"கொஞ்சம் புரியாத மாதிரி இருந்திருக்கலாமே."

 

மேல்முறையீட்டுக்குக் காஜி போனாள். ஷோசி தன் பங்குக்குப் பதினாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். நாலாம் பகுதியில் வரும் ஒரு சொல் வழக்கு, ஸிபுயிலே அடக்கத்துக்கு முன் வேறொரு கூட்டத்தில் சொன்ன பாட்டிலும் இருந்ததாகக் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடியிருப்புகளில் ஏறி இறங்கி, நாலாம் பகுதியைக் கேட்டவர்களைத் தேடினார். கேட்டவர்கள் இருந்தார்கள். முன்வரிசையில் நின்றவர்கள், வயதானவர்கள். கையெழுத்துப் போட யாரும் வரவில்லை. வெள்ளை அரசு நெருக்கடி நிலை அறிவித்திருந்த காலம், எந்தக் கையெழுத்தும் எங்கே போகும் என்று தெரியாது. சிலர் இவரை வாசலிலேயே நிறுத்தி, "நீங்கதானே கோர்ட்டுல ஆமான்னு சொன்னது?" என்று கேட்டார்கள். மேல்நீதிமன்றம் ஒரு பக்கத் தீர்ப்பில் தண்டனையை உறுதி செய்தது. விளக்கமான மொழி ஆய்வு ஏற்கெனவே கீழ்நீதிமன்றத்தில் நடந்துவிட்டது என்றது.

அதற்குப் பிறகு ஷோசி வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. மனைவி லெங்கிவேக்குச் சிறுநீரகக் கோளாறு, அரசு வேலையின் மருத்துவச் சலுகை வேண்டியிருந்தது. திருட்டு, அடிதடி, குடி. எல்லாவற்றையும் முன்போலவே சுத்தமாக மொழிபெயர்த்தார். தேநீர் நேரத்தில் மட்டும் பாட்டுப் பேச்சு நின்றுபோயிற்று. ஒருமுறை நானே கேட்டேன், நேற்று நடந்த கல்யாணத்தில் புகழ்ப்பாட்டு நன்றாக இருந்ததா என்று.

"நான் வெளிய நின்னுக்கிட்டேன்" என்றார்.

ஸிபுயிலே இருபத்தாறு மாதத்தில் வெளியே வந்தாள். ஆலை அவளை எடுத்துக்கொள்ளவில்லை. தீ விபத்து விசாரணை அவள் உள்ளே இருந்தபோதே முடிந்திருந்தது. பூட்டு யார் பொறுப்பில் இருந்தது என்று தீர்மானிக்கப் போதிய சாட்சியம் இல்லை என்று முடித்திருந்தார்கள். தையல்காரிகளில் யாரும் வாய் திறக்கவில்லை. ஒருத்தி சிறையில் இருக்கும்போது யார் திறப்பார்கள்?

அவள் சந்தைக்குப் பக்கத்தில் சோளம் சுட்டு விற்க உட்கார்ந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பகலில் ஷோசியோடு நானும் அந்த வழியாகப் போனேன். அவர் அவளைப் பார்த்துத் தயங்கி நின்றார். அவள்தான் கூப்பிட்டாள்.

"வாங்க பாபா. சோளம் இளசா இருக்கு."

வாங்கிக்கொண்டோம். அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார்; அவள் விடவில்லை.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நீங்க ஒரு வார்த்தை பொய் சொல்லல. சொல்லியிருந்தா உங்களத் திட்டிக்கிட்டாவது இருந்திருப்பேன்." அனலை விசிறியால் தட்டினாள். "ஜட்ஜு கேட்டாரே, பின்னாடி நின்னவன் எங்க போவான்னு. நான் பாத்தேன், பாபா. மூணாவது முடியும்போதே அவங்க கால் திரும்பிடுச்சு. நான் நாலாவத முதுகுங்களப் பாத்துத்தான் சொன்னேன். அந்த அஞ்சு தடவைய ரெண்டா வச்சிருக்கலாம். ஜனங்க நல்லா பதில் சொன்னாங்க, எனக்கு நிறுத்த மனசு வரல."

ஷோசி சோளத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "ரெண்டு போதாது" என்றார் கடைசியில். "ரெண்டோட நிறுத்தினா பாட்டு நிக்காது. மூணாவது வேணும்."

"மூணுல நிறுத்தியிருந்தா?"

 அவர் உதடு அசைந்தது, மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"தெரியல, மா" என்றார்.

அவள் தலையாட்டினாள். இன்னொருவர் சோளம் கேட்டு வந்தார். அவள் திரும்பி அவருக்கு நல்லதாக ஒன்றைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

லெங்கிவே தொண்ணூற்றொன்றில் இறந்தாள். ஷோசி அதற்கு மறு வருடம் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரக் கூட்டத்தில் அந்த நீதிபதி, அவரும் வயதாகிப் போனவர், வந்து நாலு வார்த்தை பேசினார். தான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த சாட்சியம் மிஸ்டர் ஷோசி ஒரு பாட்டைப் பற்றிச் சொன்னதுதான் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஷோசி எழுந்து நன்றி சொன்னார், வேறெதுவும் சொல்லவில்லை. அவர் பேச்சை மொழிபெயர்க்க அங்கே யாரும் தேவைப்படவில்லை.